1,010 சதுர அடி வீட்டில் டைல்ஸுக்கு எத்தனை சதுர அடி?

ஃபிளாட் விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிளான் படத்தில் பெரிதாகத் தெரிவது ஒரே ஒரு எண்தான். மேலே தடித்த எழுத்தில், "2 படுக்கையறை, 1,010 சதுர அடி" என்று இருக்கும். அறைகளுக்குள் பொடி எழுத்தில் 11'0" × 12'0" என்று எழுதியிருப்பதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. பிறகு டைல்ஸ் மாற்ற வேண்டும் என்று வரும்போது மேஸ்திரி கேட்பார்: "வீடு எத்தனை சதுர அடி சார்?" நாமும் ஆயிரத்துப் பத்து என்போம். அவர் அதை ரேட்டால் பெருக்கி ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகை கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. அவர் ஏமாற்ற வேண்டும் என்று நினைக்காவிட்டாலும் அப்படித்தான் வரும், ஏனென்றால் 1,010 என்பது தரையின் அளவே அல்ல.

எப்படி என்று பார்க்க ஒரு பிளானை எடுத்துக்கொள்வோம். கணக்கைத் தொடர வசதியாக நானே வரைந்துகொண்ட பிளான் இது. சென்னைப் புறநகரில் கட்டப்படும் சாதாரண இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் அமைப்புதான். வீட்டின் உட்பக்கம், வெளிச்சுவர்களுக்கு நடுவே, அகலம் 21'10½", நீளம் 30'4½". இடது பாதியில் கீழே ஹால், மேலே முதல் படுக்கையறை. வலது பாதியில் கீழே சமையலறை, மேலே இரண்டாம் படுக்கையறை, இரண்டுக்கும் நடுவில் இரண்டு பாத்ரூமும் ஒரு நடையும். ஹாலை ஒட்டி வெளியே 11'0" × 4'0" பால்கனி. உள்சுவர்கள் எல்லாம் நாலரை இன்ச், வெளிச்சுவர் ஒன்பது இன்ச்.

முதலில் எண்களைச் சரியாகப் படிக்க வேண்டும். ஒற்றைக் கோடு அடி, இரட்டைக் கோடு அங்குலம் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் கால்குலேட்டரைத் தொட்டதும் அதே ஆட்கள் 10'6" என்பதை 10.6 என்று அடிப்பார்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் ஆறு அங்குலம் அரை அடி. அடிக்க வேண்டியது 10.5. அங்குலத்தை 12ஆல் வகுத்த பிறகே புள்ளிக்குப் பின்னால் போட வேண்டும். 3 அங்குலம் என்றால் .25, 9 அங்குலம் என்றால் .75, நாலரை அங்குலம் என்றால் .375. இதில் மோசமானது 10 அங்குலமும் 11 அங்குலமும்தான். 10'11" என்பதை 10.11 என்று அடித்தால் ஏறக்குறைய பதினொன்று அடி உள்ள அறை பத்தடி அறையாகிவிடும். பிழை ஓரிடத்தில் கூட்டும், இன்னோரிடத்தில் குறைக்கும். அதனால் மொத்தத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பிளான் மீட்டரில் இருந்தால் வேலை சுலபம். அனுமதிக்காகச் சமர்ப்பிக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் மீட்டரில்தான் இருக்கும். அறையின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரிலேயே பெருக்கி, வரும் சதுர மீட்டரை 10.764ஆல் பெருக்கினால் சதுர அடி. ஒவ்வொரு நீளத்தையும் தனித்தனியாக அடியாக்கி முழு எண்ணாக வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் சில சதுர அடிகள் காணாமல் போகும்.

அடுத்த சிக்கல் படத்தின் தரம். ஒரு பிளான் நாலைந்து கைகள் மாறி ஃபார்வர்டு ஆகி வரும்போது 3, 8 ஆகத் தெரியும். 1, 7 ஆகத் தெரியும். ½ ஒரு புள்ளியாகக் கரைந்துவிடும். உற்றுப் பார்ப்பதால் பயனில்லை. கூட்டிப் பார்ப்பதே வழி. எந்தப் பிளானிலும் ஓரத்தில் மொத்த அளவு ஒன்று இருக்கும். ஒரு நேர்கோட்டில் வரும் அறைகளின் அளவையும் நடுவிலுள்ள சுவர்களின் தடிமனையும் கூட்டினால் அந்த மொத்தம் வந்தே ஆக வேண்டும்.

நம் பிளானில் இடது பாதியைக் கூட்டுங்கள். ஹால் 18'0", சுவர் 4½", படுக்கையறை 12'0". மொத்தம் 30'4½". சரியாக வருகிறது. வலது பாதியில் சமையலறை 8'0", சுவர் 4½", பொதுப் பாத்ரூம் 5'0", சுவர் 4½", படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூம் 5'3", சுவர் 4½", படுக்கையறை 11'0". கூட்டினால் இதுவும் 30'4½". அந்த 5'3" மங்கலாகி 5'8" என்று நமக்குத் தெரிந்திருந்தால் மொத்தம் ஐந்து அங்குலம் கூடியிருக்கும். எண் தப்பு என்று அங்கேயே பிடிபட்டிருக்கும்.

எழுதாமல் விட்ட அளவையும் இதே முறையில் எடுக்கலாம். நடைக்குப் பெரும்பாலான பிளான்களில் நீளம் போட்டிருக்க மாட்டார்கள். நம் பிளானிலும் இல்லை. மொத்த நீளமான 30'4½"-இலிருந்து சமையலறையின் 8 அடியையும் படுக்கையறையின் 11 அடியையும் இரண்டு சுவர்களின் 9 அங்குலத்தையும் கழித்தால் மிஞ்சுவது 10'7½". அதுதான் நடையின் நீளம். அகலமும் அப்படியே: வலது பாதியின் அகலம் 10'6", பாத்ரூம் 6'9", நடுச்சுவர் 4½", மிச்சம் 3'4½".

கழித்து எடுக்கவும் வழியில்லாதபோது ஸ்கேல் வைத்து அளக்கலாம். படத்தைப் பிரிண்ட் எடுத்து, அளவு தெரிந்த ஒரு சுவரை முதலில் அளக்க வேண்டும். 18 அடி ஹால் தாளில் 9 சென்டிமீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் இரண்டு அடி. ஆனால் இதை ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டு நம்பக் கூடாது. அதே ஹாலின் 11 அடி அகலம் தாளில் ஐந்தரை சென்டிமீட்டர் வர வேண்டும். ஐந்துதான் வருகிறது என்றால் யாரோ படத்தை ஒரு பக்கமாக நசுக்கியிருக்கிறார்கள். நீளத்துக்கு ஒரு கணக்கு, அகலத்துக்கு வேறு கணக்கு போட வேண்டும். பிளானின் மூலையில் அளவுக்கேற்ப வரையப்படவில்லை என்று குறிப்பு இருந்தால் ஸ்கேலை எடுத்து வைத்துவிடுவது நல்லது.

இப்போது அறைகளின் பரப்பு:

ஹால் 11 × 18 = 198
முதல் படுக்கையறை 11 × 12 = 132
இரண்டாம் படுக்கையறை 10.5 × 11 = 115.5
சமையலறை 10.5 × 8 = 84
பொதுப் பாத்ரூம் 6.75 × 5 = 33.75
சேர்ந்த பாத்ரூம் 6.75 × 5.25 = 35.44
நடை 3.375 × 10.625 = 35.86

மொத்தம் 634.5 சதுர அடி. இதுதானே கார்பெட் ஏரியா என்று தோன்றும். தரைவிரிப்பு விரிக்கக்கூடிய இடம் என்ற பொதுப் பேச்சின்படி இதுதான். சட்டத்தின்படி இது இல்லை.

2016-இல் வந்த ரெரா சட்டம், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கார்பெட் ஏரியாவுக்கு ஒரு வரையறை தந்திருக்கிறது. வெளிச்சுவர்கள் நிற்கும் இடம், குழாய்கள் இறங்கும் டக்ட், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி அல்லது வராந்தா, திறந்த மொட்டைமாடி ஆகியவை சேராது. ஆனால் வீட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் நிற்கும் இடம் சேரும். ஆகவே ஒவ்வொரு அறையாகப் பெருக்கத் தேவையே இல்லை. வெளிச்சுவரின் உள்முகத்திலிருந்து எதிர் உள்முகம் வரை அளந்து பெருக்கினால் போதும்: 21.875 × 30.375 = 664.5 சதுர அடி. உள்ளே டக்ட் இருந்தால் அதைக் கழிக்க வேண்டும். நம் பிளானில் டக்ட் வெளியே இருக்கிறது.

அறைகளின் கூட்டலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 30 சதுர அடி. அது முழுக்க உள்சுவர்கள் நிற்கும் இடம். பத்திரத்தில் 664 என்று போட்டு, நாம் டேப் வைத்து அளந்தால் 634 வருகிறது என்று பில்டரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சண்டையில் பில்டர் பக்கம்தான் நியாயம். மாறாக, பால்கனியையும் கார்பெட் ஏரியாவுக்குள் சேர்த்து எழுதியிருந்தால் நியாயம் உங்கள் பக்கம்.

அப்படியானால் 1,010 எங்கிருந்து வந்தது? வெளிச்சுவர்களின் வெளிமுகம் வரை அளந்தால் 23'4½" × 31'10½", அதாவது 745 சதுர அடி. பால்கனியின் 44-ஐச் சேர்த்தால் 789. இதன்மேல் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா, வாட்ச்மேன் அறை போன்ற பொது இடங்களின் பங்காக 28 சதவீதம் ஏற்றினால் 1,010. இதைத்தான் சூப்பர் பில்டப் என்கிறார்கள். இந்தச் சதவீதம் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். ஆகவே இரண்டு ஃபிளாட்களை ஒப்பிடும்போது சூப்பர் பில்டப் எண்ணை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

டைல்ஸுக்கு வருவோம். இதற்கு 1,010 உதவாது என்பது தெளிவு. 664-ம் உதவாது. அதில் டைல்ஸ் போட முடியாத சுவர் இடம் 30 சதுர அடி இருக்கிறது. டைல்ஸ் போட வேண்டிய பால்கனி 44 சதுர அடி இல்லை. நமக்கு வேண்டியது அறைகளின் 634.5-உடன் பால்கனியின் 44 சேர்ந்த 678.5. கதவு வாசல்களின் அடியில் சுவர் தடிமனுக்கு வரும் இடமும் உண்டு. மூன்றடிக் கதவுக்கு அது ஒரு சதுர அடிக்குச் சற்று மேல். பல வீடுகளில் அங்கே கிரானைட் பட்டை வைத்துவிடுவதால் நான் அதைச் சேர்க்கவில்லை. செங்கல் முதல் செங்கல் வரை எடுத்த அளவே பிளானில் இருந்தால், பூச்சுக்குப் பிறகு ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். இரண்டாம் படுக்கையறையில் அதனால் இரண்டு சதுர அடிகூடக் குறையாது. மதிப்பீட்டுக்கு அதை விட்டுவிடலாம். கடைசி பில்லுக்கு விடக் கூடாது.

இந்த 678.5-ஐ ஒரே ரேட்டால் பெருக்கவும் முடியாது. ஹால், படுக்கையறைகள், சமையலறை, நடை ஆகியவற்றுக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ், அது 565.4 சதுர அடி. பாத்ரூம்களுக்கும் பால்கனிக்கும் வழுக்காத சொரசொரப்பான சிறிய டைல்ஸ், அது 113.2 சதுர அடி. கணக்குக்காக விட்ரிஃபைடு சதுர அடி 60 ரூபாய், பாத்ரூம் டைல்ஸ் 45 ரூபாய், பதிக்கும் கூலி சிமெண்ட், எம்சாண்ட் சேர்த்து 55 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் ரேட் வேறாக இருக்கும். எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ரேட் கேட்கும்போது வரி சேர்ந்ததா, ஏற்று இறக்குக் கூலி சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

ஓரங்களில் வெட்டுவதாலும் உடைவதாலும் சேதாரம் இருக்கும். நேராகப் பதித்தால் 5 சதவீதம் போதும். மூலைவிட்டமாகப் பதித்தாலோ சின்ன அறையாக இருந்தாலோ 10 சதவீதம் வேண்டும். விட்ரிஃபைடுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 593.6 சதுர அடி.

பெட்டிக் கணக்கில்தான் ஒரு நுணுக்கம். இரண்டடி டைல்ஸ் என்று சொல்லப்படுவது உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்றால் 609.6 மில்லிமீட்டர். ஒரு பெட்டியில் நான்கு டைல்ஸ் இருந்தால் அது நிரப்பும் இடம் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. கடைக்காரர் வாய்க்கணக்கில் 16 என்பார். அந்தக் கணக்கில் வாங்கினால் 38 பெட்டி போதும் என்று வரும். பில் 608 சதுர அடிக்கு 36,480 ரூபாய். ஆனால் அந்த 38 பெட்டியும் சேர்ந்து 589 சதுர அடிதான் நிரப்பும். சரியான கணக்கில் 39 பெட்டி வேண்டும், 604.5 சதுர அடிக்கு 36,270 ரூபாய். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கியும் 210 ரூபாய் குறைவு! பெட்டியின்மேல் எத்தனை சதுர மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். பில் அந்த எண்ணுக்கே போடப்பட வேண்டும்.

பாத்ரூம் டைல்ஸுக்கு 10 சதவீதச் சேதாரம் சேர்த்தால் 124.5 சதுர அடி. 300 மில்லிமீட்டர் டைல்ஸ் பத்து கொண்ட பெட்டி 9.69 சதுர அடி நிரப்பும். 13 பெட்டி, 126 சதுர அடி, 5,670 ரூபாய். பாத்ரூம் சுவர் டைல்ஸ் இந்தக் கணக்கில் இல்லை. அது தரையைவிடப் பல மடங்கு பரப்பு. தனியாகத்தான் போட வேண்டும்.

எல்லா மதிப்பீட்டிலும் மறந்துபோவது ஸ்கர்ட்டிங், சுவர் அடியில் நாலு அங்குல உயரத்துக்கு ஓடும் பட்டை. இதற்குப் பரப்பு உதவாது. ரன்னிங் அடிதான் கணக்கு. ஒவ்வொரு அறையின் சுற்றளவையும் எடுத்து, கதவுகளையும் திறப்புகளையும் கழிக்க வேண்டும். ஹாலின் சுற்றளவு 58 அடி. அதில் வாசல் கதவு, பால்கனிக் கதவு, மற்ற மூன்று திறப்புகள் சேர்ந்து பதினேழரை அடி போய்விடும். இப்படியே படுக்கையறைகள், நடை, மேடை இல்லாத சமையலறைச் சுவர் எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 156 அடி வருகிறது. ஒரு இரண்டடி டைல்ஸை ஆறு பட்டையாக வெட்டலாம். அதனால் 14 டைல்ஸ், அதாவது 4 பெட்டி, 3,720 ரூபாய். வெட்டி ஒட்டும் கூலி அடிக்கு 25 ரூபாய் என்றால் 3,900.

பதிக்கும் கூலி பெட்டிக் கணக்கிலோ சேதாரத்தோடு சேர்த்தோ வரக் கூடாது. தரையில் பதிந்த அளவுக்கு மட்டும்தான்: 679 சதுர அடிக்கு 37,345 ரூபாய்.

எல்லாம் கூட்டினால் 86,905 ரூபாய். இப்போது அந்த 1,010-ஐ எடுத்து, டைல்ஸ் 60, கூலி 55 சேர்ந்த 115-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1,16,150. கார்பெட் ஏரியாவைப் பெருக்கினால் சுமார் 76,400. முதலாவது 29,000 ரூபாய்க்கு மேல் அதிகம். இரண்டாவது பத்தாயிரம் குறைவு; அதை நம்பி ஆரம்பித்தால் பாதி வேலையில் பணத்துக்கு அலைய வேண்டிவரும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதலாவதில் பேரம் பேசவாவது இடம் இருக்கிறது.

பிளானிலிருந்து எடுத்தது மதிப்பீடு மட்டுமே. மேஸ்திரியிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஹாலையும் ஒரு படுக்கையறையையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஓர் அங்குலம் குறைந்தால் அது பூச்சு. நாலைந்து அங்குலம் குறைந்தால் கட்டும்போது சுவர் நகர்ந்திருக்கிறது. எல்லா அறையையும் திரும்ப அளக்க வேண்டும். கடைசி பில் அறை வாரியாக அளந்த அளவுக்கே என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். டைல்ஸ் இறங்கியதும் எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்ச் மாறினால் நிறம் மாறும். மிஞ்சும் டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாமல் ஒரு பெட்டியையாவது பரணில் போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஓர் ஓடு உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.